வால்டியூப்பும் தீக்குச்சியும்

1978-ம் ஆண்டு. புனே நகரில் லாரி தயாரிக்கும் டெல்கோ நிறுவனத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்த இளம் பொறியாளர் ஒருவர், ஓராண்டு விடுப்பு எடுத்துக்கொண்டு மத்தியப் பிரதேசத்தின் ஹோசங்காபாத் மாவட்டத்துக்குப் போனார். கான்பூர் ஐஐடியில் மின் பொறியியல் படித்த அவர் பெயர் அர்விந்த் குப்தா. அந்த மாவட்டத்தின் கிராமப் பள்ளிகளில் 1972 முதல் ஒரு முயற்சி நடந்துகொண்டிருந்தது. ஹோசங்காபாத் அறிவியல் கல்வித் திட்டம் என்று பெயர். பதினாறு நடுநிலைப் பள்ளிகளில் தொடங்கிய திட்டம். அறிவியலைப் புத்தகத்தைப் பார்த்து மனப்பாடம் செய்யக்கூடாது, ஒவ்வொரு பிள்ளையும் தன் கையால் சோதனை செய்து கற்க வேண்டும் என்பதுதான் அதன் அடிப்படை.

எழுதும்போது இது எளிய வாக்கியம். ஆனால் அந்தப் பள்ளிகளில் ஆய்வகம் கிடையாது. நகரத்திலிருந்து கண்ணாடிக் குடுவைகளை வாங்கி வந்து கொடுத்தால், முதல் குடுவை உடையும்வரைதான் பாடம் நடக்கும். மாற்றுக் குடுவைக்கு விண்ணப்பம் எழுதிவிட்டு ஆசிரியர் காத்திருப்பார். விலை உயர்ந்த பொருளாக இருந்தால் அது அலமாரியில் பூட்டப்பட்டுவிடும். ஆகவே, அங்கே வேலை செய்தவர்கள் முன்னால் இயல்பாகவே ஒரு வரம்பு நின்றது: பொருள் மலிவாக இருக்க வேண்டும், அதைவிட முக்கியமாக, உள்ளூரிலேயே மறுபடியும் கிடைக்க வேண்டும். உயிரியல் பாடத்தில் ஊசிக்குப் பதில் கருவேல முள்ளை எடுத்தார்கள். முள் தீர்ந்தால் விண்ணப்பம் எழுத வேண்டியதில்லை. பள்ளிக்கூட வேலியிலேயே இருக்கிறது.

விலை குறைவு என்பது ஒரு வரம்பு. உள்ளூர்ச் சந்தையில் கிடைக்க வேண்டும் என்பது அதைவிடக் கடுமையான வரம்பு. எனக்குத் தெரிந்தவரை, குப்தாவின் புகழ்பெற்ற கண்டுபிடிப்பு பிறந்தது இந்த இரண்டாவது வரம்பிலிருந்துதான்.

கிராமத்தின் வாரச்சந்தையில் என்னென்ன விற்கிறார்கள் என்று அவர் சுற்றிப் பார்த்தார். கண்ணில் பட்டவற்றில் ஒன்று வால்டியூப். பழைய மாடல் சைக்கிள் டியூபில் காற்றடிக்கும் இடத்தில், உள்ளே போன காற்று வெளியே வராமல் தடுக்கும் மெல்லிய ரப்பர் குழாய் அது. சைக்கிள் கடையில் நீளமாக வாங்கி, தேவைக்கு நறுக்கிக்கொள்ளலாம். இன்னொன்று தீப்பெட்டி. மருந்தைச் சுரண்டி எடுத்துவிட்ட தீக்குச்சியை வால்டியூப்புக்குள் செருகினால் இறுக்கமாகப் பிடித்துக்கொள்கிறது. ஒன்றரை சென்டிமீட்டர் நீளத்துக்கு டியூபை நறுக்கி, இரு பக்கமிருந்தும் ஒவ்வொரு குச்சியைச் செருகி, நடுவில் கொஞ்சம் இடைவெளி விட்டால், அந்த இடம் முழங்கையைப் போல மடங்குகிறது.

கண்டுபிடிப்பு அவ்வளவுதான். வளையும் ஒரு மூட்டு. இது அற்பமாகத் தோன்றினால், கையில் ஒன்றை வைத்துக்கொண்டு பாருங்கள். இரண்டு குச்சியும் ஒரு மூட்டும் சேர்ந்தால் கோணம் என்ன என்பது புரிந்துவிடும். மெல்ல விரித்தால் குறுங்கோணம், செங்கோணம், விரிகோணம், கடைசியில் நேர்கோடு. மூன்று குச்சியும் மூன்று மூட்டும் சேர்ந்தால் முக்கோணம். அதை எப்படி அழுத்தினாலும் வடிவம் மாறாது. நான்கு குச்சி, நான்கு மூட்டு என்றால் சதுரம். ஆனால் ஒரு விரலால் தள்ளினாலே அது சாய்சதுரமாகப் படுத்துவிடும். கூரைச் சட்டத்திலும் பாலத்திலும் மின்கோபுரத்திலும் எங்கு பார்த்தாலும் முக்கோணமாகவே ஏன் இருக்கிறது என்பதற்கான விடை, எட்டு வயதுப் பிள்ளையின் விரல் நுனிக்கு வந்து சேர்ந்துவிடுகிறது.

அடுத்த தடை, மூன்றாவது குச்சி. குழாய்க்கு இரண்டு வாய்தான். மூன்றாவதை எங்கே செருகுவது? இங்கேயும் வேலிக்குத்தான் போக வேண்டியிருந்தது. டியூபின் நடுவில் முள்ளால் குத்தித் துளையிட்டு, முனை சீவிய குச்சியை அதில் நுழைத்தால் மூன்று கிளை மூட்டு. நான்கு வேண்டுமென்றால், அந்தத் துளை வழியாக இன்னொரு துண்டு டியூபையே குறுக்கே இழுத்துவிடலாம். பெருக்கல் குறி போல நான்கு வாய் கிடைக்கும். இன்னொன்றையும் குறுக்கே கோத்தால் ஆறு. தட்டையாகக் கிடந்த வடிவங்கள் இப்போது எழுந்து நிற்கத் தொடங்குகின்றன.

நான்முகி செய்வதைச் சொல்கிறேன், அதில் இந்த முறை தெளிவாகத் தெரியும். மூன்று குச்சி, மூன்று டியூப் துண்டில் ஒரு முக்கோணம் செய்து, மூன்று மூலையிலும் முள்ளால் துளையிட்டுக் கீழே வையுங்கள். தனியாக ஒரு டியூப் துண்டில் மூன்று குச்சியைச் செருகி முக்காலி போல ஆக்குங்கள். முக்காலியின் மூன்று காலையும் முக்கோணத்தின் மூன்று துளையில் இறக்கிவிட்டால் நான்முகி தயார். ஆறு குச்சி, நான்கு மூலை. உள்ளங்கையில் வைத்து நசுக்கிப் பாருங்கள், அசையாது.

இப்போது கொஞ்சம் விலகி, இன்னொரு வகுப்பறைக்குப் போய்வர வேண்டும். 1920-களின் இறுதி, ஜெர்மனியின் தெஸ்ஸாவ் நகரம். பௌஹவுஸ் என்ற வடிவமைப்புப் பள்ளியில் புதிய மாணவர்களுக்கான அடிப்படை வகுப்பை யோசப் ஆல்பர்ஸ் நடத்திவந்தார். ஒருநாள் கையில் செய்தித்தாள் கட்டோடு வந்து ஆளுக்குக் கொஞ்சம் கொடுத்தார். இதைக்கொண்டு ஏதாவது செய்யுங்கள், பொருளை வீணாக்காதீர்கள், முடிந்தால் கத்தரிக்கோலும் பசையும்கூட வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். திரும்பி வந்தபோது கோட்டை, படகு, விமானம், முகமூடி, விலங்கு என்று பலவும் செய்து வைத்திருந்தார்கள். அவற்றையெல்லாம் அவர் ஒதுக்கிவிட்டார். அவர் எடுத்துக் காட்டியது ஒரு ஹங்கேரிய மாணவர் செய்ததை. அந்த மாணவர் தாளை நீளவாக்கில் மடித்து, சிறகு விரித்தாற்போல நிமிர்த்தி வைத்திருந்தார். வேறொன்றும் செய்யவில்லை. படுத்துக் கிடக்கும் தாளில் ஒரு பக்கம்தான் கண்ணுக்குத் தெரியும், ஒரு மடிப்பில் அது எழுந்து நிற்கிறது, இரண்டு பக்கமும் தெரிகிறது, விளிம்பும் வேலை செய்கிறது என்று ஆல்பர்ஸ் விளக்கினார். அந்த வகுப்பில் இருந்த ஹான்னஸ் பெக்மன் என்ற மாணவர் பிற்காலத்தில் பதிவுசெய்த நிகழ்வு இது.

கோட்டையை அவர் ஏன் ஒதுக்கினார் என்பதில்தான் நமக்குத் தேவையான உரைகல் இருக்கிறது. காகிதக் கோட்டையைக் கல்லில் கட்டினால் இன்னும் நன்றாக இருக்கும். காகிதக் கப்பலை மரத்தில் செய்தால் இன்னும் நன்றாக மிதக்கும். அவற்றில் காகிதம் வேறொன்றாக வேடம் போட்டு நிற்கிறது. மடித்து நிறுத்திய தாள் அப்படி இல்லை. அதைக் கல்லில் செய்ய முடியாது, மரத்தில் செய்வதில் பொருளில்லை. ஒற்றைப் பொருள் என்ற வரம்பு உண்மையிலேயே வேலை செய்ததா என்று பார்க்க இந்த ஒரு கேள்வி போதும்: பொருளை மாற்றினால் செய்த வடிவம் மேம்படுமா? மேம்படும் என்றால் வரம்பு நம் சிந்தனையைத் தொடவே இல்லை.

பள்ளிக் கண்காட்சிகளில் தீக்குச்சியை ஒட்டிச் செய்த வீடுகளைப் பார்த்திருப்போம். பொறுமையான உழைப்பு, மதிக்கிறேன். ஆனால் அந்த வீட்டை மூங்கில் பிளாச்சில் செய்தால் இன்னும் உறுதியாக இருக்கும். வால்டியூப் மூட்டு மேற்சொன்ன உரைகல்லில் தேறுகிறது. பிரிட்டனில் 1901-ல் பிராங்க் ஹார்ன்பி காப்புரிமை பெற்ற மெக்கானோ பொம்மையோடு ஒப்பிட்டால் இது விளங்கும். அதில் துளையிட்ட உலோகப் பட்டைகளைத் திருகாணியால் முடுக்குவார்கள். விலை அதிகம், நேர்த்தியும் அதிகம். ஆனால் திருகாணி போட்ட மூட்டு ஒரே தளத்தில்தான் சுழலும். ரப்பர் மூட்டு எந்தத் திசையிலும் வளையும். கோணங்களை முன்கூட்டியே கணக்கிட வேண்டாம், குச்சிகள் சேரும்போது மூட்டு தானே கோணத்தைக் கண்டுபிடித்துக்கொள்ளும். மலிவான பொருள் விலையுயர்ந்த பொருளுக்கு ஈடாக நின்றதோடு மட்டுமில்லாமல், அதனால் முடியாத ஒன்றையும் செய்தது.

வரம்பு எப்படி ஒரு புதிய வடிவத்தை நோக்கி நம்மைப் பிடித்துத் தள்ளுகிறது என்பதைச் சொல்லிக் கேட்பதைவிடச் செய்து பார்ப்பது நல்லது. வீட்டிலோ வகுப்பிலோ ஒரு வாரச் சவாலாக இதை வைத்துக்கொள்ளலாம். பொருள்: தீக்குச்சி, வால்டியூப், துளையிட ஒரு முள். பசை, நூல், அட்டை எதுவும் கூடாது. குச்சியை வெட்டிக் குட்டையாக்கவும் கூடாது, எல்லாம் ஒரே நீளம். வேலை: ஒரு நோட்டுப் புத்தகத்தைத் தரையிலிருந்து ஒரு தீக்குச்சி உயரத்துக்காவது தூக்கி நிறுத்த வேண்டும்.

முதல் நாள் எல்லோரும் மேசையைத்தான் செய்வார்கள். அதாவது கனசதுரம். பன்னிரண்டு குச்சி, எட்டு மூலை. புத்தகத்தை வைத்ததும் அது ஒரு பக்கமாகப் படுத்துவிடும். எத்தனை முறை நிமிர்த்தினாலும் படுக்கும். காரணம் நாம் ஏற்கெனவே பார்த்ததுதான், அதன் ஆறு முகமும் சதுரம். 1864-ல் இயற்பியலாளர் ஜேம்ஸ் கிளார்க் மாக்ஸ்வெல் இதற்கு ஒரு எளிய கணக்கைத் தந்தார். மூலைகளின் எண்ணிக்கையை மூன்றால் பெருக்கி ஆறைக் கழித்தால், அந்தச் சட்டகம் அசையாமல் நிற்கக் குறைந்தது எத்தனை குச்சி வேண்டும் என்று தெரியும். கனசதுரத்துக்கு 3 × 8 − 6 = 18. நம்மிடம் இருப்பது 12. ஆறு குச்சி குறைகிறது, முகத்துக்கு ஒன்று.

சரி, ஒவ்வொரு சதுரத்துக்கும் ஒரு மூலைவிட்டம் போட்டுவிடலாமே என்று தோன்றும். போட முடியாது. சதுரத்தின் மூலைவிட்டம் பக்கத்தைவிட 1.4 மடங்கு நீளம். குச்சி எட்டாது. அப்போது யாராவது ஒருவர் இரண்டு குச்சியை டியூபில் இணைத்து நீளமாக்கிப் போடுவார். பாரம் ஏறியதும் அது நடுவில் இருக்கும் ரப்பரில் மடங்கிவிடும். பெரும்பாலும் இரண்டாம் நாள் இங்கே முடியும். பசை ஒரு சொட்டு இருந்தால் போதுமே என்ற எரிச்சல் வரும் இடமும் இதுதான். விதியைத் தளர்த்திவிடத் தோன்றும். தளர்த்திவிட்டால் கையில் மிஞ்சுவது ஒட்டுப்போட்ட மேசை மட்டுமே.

மேசையைக் கைவிட்டவர்கள் முப்பட்டகத்துக்கு வருவார்கள். கீழே ஒரு முக்கோணம், மேலே ஒரு முக்கோணம், இடையில் மூன்று கால். ஒன்பது குச்சி, ஆறு மூலை. மேலும் கீழும் உறுதி, ஆனால் பக்கங்கள் மூன்றும் இன்னும் சதுரம்தான். புத்தகத்தை வைத்தால் மேல் முக்கோணம் திருகிக்கொண்டே இறங்கும். மாக்ஸ்வெல் கணக்கில் மூன்று குச்சி குறைவு.

இந்த இடத்தில் அவசரப்பட்டு அதைப் பிரித்துவிடாமல், அது விழும் விதத்தைக் கவனிக்க வேண்டும் என்பதுதான் நான் சொல்ல விரும்பும் ஒரே யோசனை. மேல் முக்கோணத்தை இரண்டு விரலால் பிடித்து மெதுவாகத் திருகுங்கள். கால்கள் சாயும், உயரம் குறையும். ஒவ்வொரு பக்கத்திலும் இரண்டு மூலைவிட்டங்கள் உண்டல்லவா, அவற்றில் ஒன்று குறுகிக்கொண்டே வரும். எட்டாமல் இருந்த இடைவெளி நெருங்கி நெருங்கி, ஒரு கட்டத்தில் சரியாக ஒரு குச்சி நீளத்துக்கு வந்துவிடும். அங்கே நிறுத்தி, மூன்று பக்கத்திலும் ஒவ்வொரு குச்சியைப் போடுங்கள். பன்னிரண்டு குச்சி, ஆறு மூலை. 3 × 6 − 6 = 12. குறைவுமில்லை, மிச்சமுமில்லை. கையில் இருப்பது எண்முகி. எட்டு முகமும் முக்கோணம், கல் போல நிற்கும்.

ஒரே நீளக் குச்சி என்ற விதி இல்லாவிட்டால் இந்த வடிவம் வந்திருக்காது. நீளமான குச்சி கிடைத்திருந்தால் மேசைக்கு மூலைவிட்டம் போட்டு முதல் நாளே வேலையை முடித்திருப்போம். குச்சி எட்டாததால், குச்சிக்கு ஏற்ப வடிவத்தைத் திருக வேண்டியதாயிற்று. விழுந்துகொண்டிருந்த திசையிலேயே விடை இருந்தது.

ஆனால் சவால் முடியவில்லை. எண்முகியை ஒரு முகத்தின் மேல் உட்காரவைத்து அளந்து பாருங்கள். ஒரு குச்சியின் உயரத்தில் கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு குறையும். திருகியபோது இழந்த உயரம் அது. இனி மிச்சமுள்ள நாள்களில் ஒன்றின் மேல் ஒன்றை ஏற்றும் வழியைத் தேட வேண்டும். இரண்டு எண்முகியைத் தனித்தனியாகச் செய்து அடுக்கினால் வழுக்கும். நடு முக்கோணத்தை இரண்டுக்கும் பொதுவாக்கினால் பன்னிரண்டோடு ஒன்பது சேர்த்து 21 குச்சியில் இரண்டடுக்குத் தூண் கிடைக்கும். மூலைகள் ஒன்பது. கணக்கைப் போட்டுப் பார்த்தால் இதுவும் மிகச் சரியாக நிற்கிறது. நடு மூலைகள் மூன்றிலும் ஆறு வாய் மூட்டு தேவைப்படும். அதைச் செய்யப் பொறுமை வேண்டும், துளை கிழிந்து நாலைந்து துண்டு வீணாகும். இப்படி மூன்று தூண் செய்து முக்கோணமாகப் பரப்பி வைத்தால் புத்தகம் சாயாமல் உட்காரும்.

ஒரு வாரம் என்று வைத்ததற்குக் காரணம் உண்டு. ஒரே நாள் கொடுத்தால் கனசதுரத்தைத் தாங்கிப் பிடித்துக் காட்டிவிட்டுப் போய்விடுவார்கள். ஒரு மாதம் கொடுத்தால் கடைசி இரண்டு நாளில் உட்காருவார்கள். முதலில் தோன்றும் எண்ணம் தோற்பதற்கும், அதன் மேல் எரிச்சல் வருவதற்கும், எரிச்சல் தணிந்து பொருளைத் திரும்பக் கவனிப்பதற்கும் ஐந்தாறு மாலைப்பொழுதுகள் வேண்டும். விதி மூன்றுக்கு மேல் வேண்டாம் என்றும் சொல்வேன். பொருள், நீளம், வேலை. இவை கறாராக இருந்தால் போதும். வீணான பொருளில் எதையாவது செய்து வாருங்கள் என்பது பார்வைக்கு வரம்பு போலத் தெரியும். உண்மையில் அது எதையும் தடுப்பதில்லை. அதனால்தான் ஆண்டுதோறும் அதே பேனா ஸ்டாண்ட் வந்துகொண்டிருக்கிறது.

செய்பவர்களுக்குச் சில எச்சரிக்கைகள். தீக்குச்சித் தலையில் இருப்பது எரியக்கூடிய மருந்து. அதைப் பிள்ளைகள் சுரண்டக்கூடாது, பெரியவர்கள் தலையை நீரில் நனைத்துவிட்டுச் சுரண்டி எடுக்க வேண்டும். கோவில்பட்டி, சாத்தூர், சிவகாசிப் பக்கம் இருப்பவர்கள் மருந்து தோய்க்காத வெறுங்குச்சியே கிடைக்குமா என்று தெரிந்த ஆலையில் கேட்டுப் பார்க்கலாம். மெழுகுக் குச்சி உதவாது, டியூபுக்குள் நுழைக்கும்போதே வளைந்துவிடும். புதிய வகை சைக்கிள்களின் வால்வில் இந்த ரப்பரே கிடையாது, பழைய மாடல் சைக்கிளுக்குச் சாமான் விற்கும் கடையில்தான் கேட்க வேண்டும். ரப்பரும் நிரந்தரமில்லை. சில மாதத்தில் காய்ந்து வெடிக்கும், மூட்டு பிடிமானம் இழக்கும். சட்டகம் கணக்குப்படி சரியாக இருந்தும் ஆடினால், முதலில் டியூபை வளைத்துப் பாருங்கள். மேலே மெல்லிய கீறல்கள் தெரிந்தால் மாற்ற வேண்டியது டியூபைத்தான், வடிவத்தை மாற்றத் தேவையில்லை. பாரத்துக்கும் எல்லை உண்டு. நோட்டுப் புத்தகம் தாங்குவது அகராதியையும் தாங்கும் என்று எதிர்பார்க்கக் கூடாது.

ஹோசங்காபாத் திட்டம் பிற்காலத்தில் ஏகலைவ்யா என்ற அமைப்பின் பொறுப்பில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பள்ளிகளுக்கு விரிந்து, 2002-ல் மாநில அரசால் நிறுத்தப்பட்டது. தன் கையால் செய்து படித்த ஒரு தலைமுறைக்குப் பிறகு வந்த பிள்ளைகள் அதை இழந்தார்கள் என்பது எனக்கு இன்றும் வருத்தம்தான். குப்தா திரும்பவும் லாரித் தொழிலில் நிலைக்கவில்லை. தீக்குச்சி வடிவங்களைப் பற்றிய அவர் புத்தகத்தை 1986-ல் ஏகலைவ்யா வெளியிட்டது. பின்னர் புனேயில் உள்ள ஐயூகா வானியல் மையத்தில் குழந்தைகளுக்கான அறிவியல் கூடத்தில் ஆண்டுக்கணக்கில் இதே வேலையைச் செய்தார். 2018-ல் பத்மஸ்ரீ வழங்கப்பட்டது. தன் புத்தகங்களையும் பொம்மைகளின் செய்முறைகளையும் அவர் arvindguptatoys.com தளத்தில் யாரும் இலவசமாக எடுத்துக்கொள்ளும்படி வைத்திருக்கிறார்.